அறுபது வயது, இரண்டு பாஸ்புக்

அப்பாவோடு தினமும் காலையில் நடக்கப் போகும் நண்பர்கள் இருவர், போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயம்புத்தூர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியர், மற்றவர் நூற்பாலையில் சூப்பர்வைசர். இருவருக்கும் அறுபது முடிந்து, ஒரே கோடையில் ஓய்வு பெற்றவர்கள். கையில் தினசரி காலண்டரிலிருந்து கிழித்த ஒரு தாள். அதன் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரே ஒரு கணக்கு: 100 – 60 = 40.

"தம்பி, சேமிப்புல நாப்பது சதவீதம் ஷேர் மார்க்கெட்டுல இருக்கணும்னு ஒரு கூட்டத்துல சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதானுங்களே, அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குத்தானுங்க?" என்று கேட்டார் மில் மாமா.

இந்தக் கணக்கைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நூறிலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். வருகிற எண்தான் உங்கள் சேமிப்பில் பங்குகளிலும் பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுகளிலும் இருக்க வேண்டிய சதவீதம். மீதி வைப்பு நிதி, கடன் பத்திரம், அஞ்சலகச் சேமிப்பு போன்ற நிலையான இடங்களில். முப்பது வயதுக்காரருக்கு 70, ஐம்பதுக்கு 50, எழுபதுக்கு 30. இதை முதலில் சொன்னவர் யார் என்று அடையாளம் காட்ட முடியாது. அமெரிக்காவில் வான்கார்டு நிறுவனத்தை நிறுவிய ஜான் போகல், கடன் பத்திரங்களின் சதவீதம் ஏறக்குறைய உங்கள் வயதளவு இருக்கட்டும் என்று எழுதினார். இரண்டும் ஒன்றுதான்.

கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. இளைஞரிடம் பணம் குறைவு, ஆனால் இன்னும் முப்பது வருடச் சம்பளம் வரப்போகிறது. பொருளாதார அறிஞர்கள் போடி, மெர்ட்டன், சாமுவேல்சன் மூவரும் 1992இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்த வரப்போகும் சம்பளத்தையும் ஒரு சொத்தாகவே கணக்கில் எடுத்தார்கள். மாதாமாதம் தவறாமல் வரும் சம்பளம், வட்டி தரும் பத்திரம் மாதிரி. அப்படி ஒரு பெரிய பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர், சேமித்த பணத்தைத் துணிந்து பங்கில் போடலாம். வயது ஏற ஏற அந்தப் பத்திரம் கரைகிறது. அதனால் பங்கையும் குறைக்க வேண்டும். நூறில் வயதைக் கழிப்பதற்குப் பின்னால் உள்ள காரணம் இதுதான்.

இதில் வயது ஒரு அடையாளம் மட்டுமே. உண்மையில் அளக்க வேண்டியது, இனி வரப்போகும் நிச்சயமான வருமானம் எவ்வளவு என்பதை. சம்பளம் வயதோடு சீராகக் கரையும் என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக வயதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அது எல்லோருக்கும் ஒரே மாதிரி கரைவதில்லை என்பதை இந்த இருவரின் பாஸ்புக்கைத் திறந்ததும் பார்த்துவிடலாம். தொகைகளை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன்.

ஆசிரியர் 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்தவர். அதனால் தமிழக அரசின் பழைய ஓய்வூதியத் திட்டம் அவருக்கு உண்டு. மாதம் 50,000 ரூபாய் பென்ஷன். அகவிலைப்படி உயரும்போது அதுவும் உயரும். அவருக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். வீட்டுச் செலவு மாதம் 38,000. பணிக்கொடையும் மற்றதும் சேர்த்துக் கையில் 40 லட்சம். வீடு சொந்தம், கடன் இல்லை.

காலண்டர் தாள் சொல்வது 40 சதவீதம், அதாவது 16 லட்சம் ரூபாய் பங்கில். ஆனால் அவருடைய பென்ஷன் வருடத்துக்கு 6 லட்சம். அந்த 6 லட்சத்தை 6 சதவீத வட்டியில் வாங்க வேண்டுமென்றால் ஒரு கோடி ரூபாய் முதல் வேண்டும். விலைவாசியோடு ஏறும் பென்ஷன் என்பதால் அதன் உண்மை மதிப்பு அதற்கும் மேலே. குறைவாகவே வைத்து ஒரு கோடி என்று எடுத்தாலும், ஆசிரியரின் மொத்தச் செல்வம் 40 லட்சம் அல்ல, 1 கோடியே 40 லட்சம். அதில் ஒரு கோடி ஏற்கெனவே அசையாத இடத்தில் இருக்கிறது. 16 லட்சத்தைப் பங்கில் போட்டால் மொத்தத்தில் அது 11 சதவீதம்தான். நாற்பது என்று எழுதிவிட்டுப் பதினொன்றில் நிற்கிறார். கையிலிருக்கும் 40 லட்சத்தையும் பங்கில் போட்டாலும் அது மொத்தத்தில் 29 சதவீதத்தைத் தாண்டாது. பங்குச் சந்தை பாதியாகச் சரிந்தாலும் அவர் வீட்டில் அடுப்பு எரிவது நிற்காது.

மில் மாமாவின் கதை வேறு. சேமநல நிதி, பணிக்கொடை, சிறுகச் சிறுகச் சேர்த்தது எல்லாம் சேர்த்து 60 லட்சம். ஆசிரியரைவிட 20 லட்சம் அதிகம். ஆனால் சேமநல நிதி ஓய்வூதியம் மாதம் 3,000 ரூபாய்தான். அது அகவிலைப்படியோடு ஏறாது. வீட்டுச் செலவு 35,000. ஆக மாதம் 32,000 ரூபாய், வருடத்துக்கு 3 லட்சத்து 84 ஆயிரம், இந்த 60 லட்சத்திலிருந்துதான் வர வேண்டும்.

காலண்டர் தாளின்படி இவர் 24 லட்சத்தைப் பங்கில் போட வேண்டும். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 20,873 புள்ளிகளில் முடிந்தது. 2009 மார்ச்சில் அது 8,160. பதினான்கு மாதத்தில் அறுபது சதவீதம் போய்விட்டது. 2010 நவம்பரில்தான் பழைய உயரத்தை மீண்டும் தொட்டது. அந்த அளவுக்கு வேண்டாம், பாதியாகக் குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். 24 லட்சம் 12 லட்சமாகிறது. மொத்தம் 48 லட்சம். செலவு குறையாது, எனவே இப்போது வருடத்துக்கு 8 சதவீதம் எடுத்தாக வேண்டும். அதில் ஒரு பகுதிக்கு, விழுந்து கிடக்கும் பங்கை நட்டத்தில் விற்க வேண்டியிருக்கும். சந்தை பிறகு ஏறினாலும் விற்றுத் தின்ற பங்கு திரும்பி வராது. சம்பளக்காரருக்குச் சரிவு ஒரு காத்திருப்பு. எடுத்துச் சாப்பிடுபவருக்கு அது நிரந்தர இழப்பு. அதுவும் ஓய்வின் முதல் ஐந்தாறு வருடங்களில் வரும் சரிவுதான் ஆளைச் சாய்க்கும். பத்து வருடம் நன்றாக ஓடிய பிறகு வரும் சரிவு அந்த அளவுக்குக் காயப்படுத்தாது. வயதை மட்டும் பார்க்கும் கணக்குக்கு இந்த வரிசை தெரியாது.

ஆக, ஒரே வயது, ஒரே 40 சதவீதம். ஒருவருக்கு அது மிகக் குறைவு, இன்னொருவருக்கு மிக அதிகம். அதிகப் பணம் வைத்திருப்பவருக்குத்தான் அது ஆபத்து என்பதை இருவருமே எதிர்பார்க்கவில்லை.

"அப்ப நானு எல்லாத்தையும் ஷேர்ல போட்டறலாங்களா?" என்று கேட்டார் ஆசிரியர். நான் திருப்பிக் கேட்டேன்: "சார், பத்து லட்சம் போட்டு அது ஆறு மாசத்துல அஞ்சு லட்சமானா தூங்குவீங்களா?" யோசித்தார். "மூணு லட்சம் போச்சுன்னா தாங்கிக்குவேன் தம்பி. அதுக்கு மேல முடியாதுங்க." அவருக்கு இருக்கும் பதில் அதுதான். மூன்று லட்சம் இழப்பைத் தாங்குவேன் என்பவர் ஆறு லட்சத்துக்கு மேல் பங்கில் வைக்கக் கூடாது, ஏனென்றால் பங்கு பாதியாவது அபூர்வமல்ல. பணப்பை எவ்வளவு தாங்கும் என்பது ஒன்று, மனம் எவ்வளவு தாங்கும் என்பது வேறொன்று. இரண்டில் எது சிறியதோ அதைத்தான் எடுக்க வேண்டும். தாங்காத மனது சரிவின் அடியில் விற்றுவிடும். நாற்பது வருடம் வகுப்பறையில் நின்றவருக்கு அறுபதில் சந்தைப் பழக்கம் திடீரென்று வந்துவிடாது. ஆறு லட்சத்தில் தொடங்கி, ஒரு சரிவை நேரில் பார்த்த பிறகு கூட்டலாமா என்று யோசிக்கட்டும் என்றேன்.

மில் மாமாவுக்குச் சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு, செலவிலிருந்து தொடங்கினோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமானது. அந்தக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய் வரும், மாதத்துக்கு 20,500. அஞ்சலக மாதாந்திர வருமானத் திட்டத்தில் 9 லட்சம், 7.4 சதவீதத்தில் மாதம் 5,550. இரண்டும் சேர்ந்து 26,050. தேவை 32,000. முதல் வருடம் மாதம் ஆறாயிரம் இடிக்கிறது. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், ஐந்தாவது வருடத்தில் தேவை 40,000ஐத் தாண்டும், வட்டியோ அப்படியே நிற்கும். இந்த ஐந்து வருட இடைவெளியைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 6 லட்சம். அதை வங்கி வைப்பு நிதியில் தனியாக வைக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவென்று வந்தால் உடனே எடுக்க 3 லட்சம். மிச்சம் 12 லட்சம். இதை ஐந்து வருடத்துக்குத் தொட வேண்டியதில்லை. அதைப் பங்கு ஃபண்டில் விடலாம்.

பன்னிரண்டு லட்சம் என்பது அறுபதில் 20 சதவீதம். தாள் சொன்னதில் சரிபாதி. இந்த எண் வயதிலிருந்து வரவில்லை. எந்தப் பணம் எப்போது வேண்டும் என்று பிரித்தபின், எஞ்சி நின்ற எண் அது.

கணக்கு இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 60 லட்சத்தை 3 லட்சத்து 84 ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். 15.6 வருகிறது. பணத்துக்குக் கிடைக்கும் வருமானமும் விலைவாசி ஏற்றமும் ஒன்றுக்கொன்று சரியாகப் போனால், இந்தப் பணம் பதினைந்தரை வருடத்தில் தீரும். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது, அவர் மனைவிக்கு எழுபது. பங்கு 20 சதவீதமா 40 சதவீதமா என்பதைவிடப் பெரிய கேள்வி இது. நூறில் வயதைக் கழிக்கும் கணக்கின் மிகப் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான்: பணத்தை எப்படிப் பிரிப்பது என்று சொல்லும், அது போதுமா என்று கேட்கவே கேட்காது. நாற்பது என்ற விடை கிடைத்ததும் வேலை முடிந்தது என்று மனது ஓய்ந்துவிடுகிறது. மில் மாமாவும் அப்படித்தான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

இளவயதுக்காரர்களிடம் இதே கணக்கு வேறு விதமாகத் தவறுகிறது. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து 4 லட்சம் சேர்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரம் சொல்வது 75 சதவீதம், 3 லட்சம் பங்கில். ஆனால் அந்தப் பணம் அடுத்த வருடம் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று வீட்டில் பேசி வைத்தது. 2020இல் ஜனவரியில் 42,000 அளவில் இருந்த சென்செக்ஸ் மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே முடிந்தது. அப்படி ஒரு மார்ச்சுக்கு அடுத்த ஜூனில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால், பெண்ணுக்கு இருபத்தைந்து வயது என்பதால் கல்லூரி பொறுத்துக்கொள்ளாது. வயது ஆளுக்குத்தான், பணத்துக்கு அல்ல. ஒன்றரை வருடத்தில் தேவைப்படும் பணம், யாருடைய பணமாக இருந்தாலும் வயதான பணம்தான்.

சம்பளம் பத்திரம் மாதிரி என்று மேலே சொன்னேனே, அதுவும் எல்லாச் சம்பளத்துக்கும் பொருந்தாது. மின்வாரிய ஊழியரின் சம்பளம் அப்படிப்பட்டது. திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டரை நம்பி நடக்கும் கம்பெனியில் கமிஷனுக்கு வேலை பார்ப்பவரின் வருமானமோ, உலகச் சந்தை சுருங்கும்போது கூடவே சுருங்கும். பங்கு விழும் அதே மாதத்தில் அவருடைய வருமானமும் விழும். இருவருக்கும் முப்பது வயது என்றாலும், இரண்டாமவர் பங்கைக் குறைத்து வைப்பதுதான் முறை.

இன்னொரு குழப்பம், எந்த நூறு என்பது. நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் மியூச்சுவல் ஃபண்டில் 20 லட்சம் வைத்து, அதில் 55 சதவீதம், அதாவது 11 லட்சம் பங்கில் இருக்கிறது, விதியைச் சரியாகக் கடைப்பிடிக்கிறேன் என்பார். அவருடைய சேமநல நிதியில் 30 லட்சம், பி.பி.எஃப்.பில் 10 லட்சம் கிடக்கும். அதையும் சேர்த்தால் மொத்தம் 60 லட்சம், பங்கு 18 சதவீதம். சேமநல நிதி மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பதால் அது சேமிப்பாகவே பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தங்கத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதற்கும் சூத்திரத்தில் பதில் இல்லை.

இந்தக் குறைகளைச் சரிசெய்ய நூறுக்குப் பதில் 110, 120 என்று மாற்றிச் சொல்கிறார்கள். மக்கள் அதிக காலம் வாழ்கிறார்கள், எனவே பங்கு கூட வேண்டும் என்பது காரணம். காரணம் சரிதான். ஆனால் 120 என்று போட்டால் ஆசிரியருக்கும் 60, மில் மாமாவுக்கும் 60. எண் மாறியது, கேள்வி மாறவில்லை. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் முதலீட்டைத் தானாக மாற்றும் தேர்வு இந்த இடத்தில் கொஞ்சம் மேல். அதுவும் வயதை வைத்துத்தான் நடக்கிறது. முப்பத்தைந்து வயதுவரை ஒரே அளவு, பிறகு ஐம்பத்தைந்துவரை படிப்படியாகக் குறைப்பு. ஆனால் 75, 50, 25 சதவீதத்தில் தொடங்கும் வெவ்வேறு பாதைகள் உண்டு. ஒரே வயதுக்கு ஒரே விடை கிடையாது என்பதை அந்த அமைப்பே ஒப்புக்கொள்கிறது.

நீண்ட காலம் விட்டுவைத்தால் பங்கில் ஆபத்தே இல்லை என்று இளைஞர்களிடம் சொல்வதும் முழு உண்மை அல்ல. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915 புள்ளிகளைத் தொட்டது. அந்த உயரத்தை அது மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு வருடம், ஒருவரின் முழு உழைப்புக் காலம். இடையில் மாதாமாதம் சிறிது சிறிதாகப் போட்டவர்கள் பிழைத்தார்கள். மொத்தமாக உச்சியில் போட்டவர்களுக்கு வயது உதவவில்லை.

இத்தனைக்கும் பிறகு, இந்தச் சூத்திரத்தைக் கிழித்துப் போடச் சொல்ல எனக்கு மனமில்லை. பணம் முழுவதையும் வைப்பு நிதியில் வைத்திருக்கும் முப்பது வயதுக்காரருக்கும், கிடைத்ததையெல்லாம் பங்கில் கொட்டும் ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கும் அது ஒரு நல்ல அதட்டல். வருடத்துக்கு ஒரு முறை விகிதத்தைச் சரிசெய்யும் பழக்கத்தையும் அது கொடுக்கிறது. சந்தை ஏறியபோது கொஞ்சம் விற்கவும், விழுந்தபோது கொஞ்சம் வாங்கவும் அது கையைப் பிடித்து இழுக்கும். ஆனால் வாழ்க்கை பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஒரு சதவீதமாக நகர்வதில்லை. வேலை போகும் நாள், வீட்டுக்கடன் முடியும் மாதம், மகள் கல்லூரியில் சேரும் ஜூன் என்று தாவித்தாவிப் போகிறது. விகிதத்தைத் திருத்த வேண்டிய நாட்கள் அவைதான்.

மில் மாமா இப்போது எங்கள் பக்கத்திலேயே ஒரு சின்ன நூல் குடோனில் தரம் பார்க்கும் வேலைக்குப் போகிறார், மாதம் 15,000 ரூபாய். மூன்று வருடம் போனால் 5 லட்சத்து 40 ஆயிரம் சேமிப்பிலிருந்து எடுக்காமல் மிஞ்சும். எந்தப் பங்கு விகிதமும் இவ்வளவு நிச்சயமாக அவருக்கு இதைக் கொடுத்திருக்காது.

ஓய்வை நெருங்கும் வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நூறிலிருந்து வயதைக் கழிப்பதற்கு முன், உங்கள் வருடச் செலவிலிருந்து வருடப் பென்ஷனைக் கழியுங்கள். வரும் தொகையால் உங்கள் மொத்தச் சேமிப்பை வகுத்துப் பாருங்கள். அந்த விடை, உங்கள் வீட்டில் இளையவர் இன்னும் வாழப்போகும் வருடங்களைவிடக் குறைவாக இருந்தால், ஆலோசகரிடம் முதலில் பேச வேண்டியது அந்த எண்ணைப் பற்றித்தான்.